போட்டோவை வெட்டி அனுப்பும் புண்ணியவான்களுக்கு

நேற்று ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் செல்போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. கீழே ஒரு வரி: 'சார், இதைக் கொஞ்சம் தமிழ்ல போட்டுக் குடுங்க, அர்ஜென்ட்.' அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அனுப்பியவர் போர்டும் ஸ்டிக்கரும் செய்கிற தம்பி. நல்ல பிள்ளை. நம் ஊரில் நல்ல பிள்ளைகள்தான் இந்த மாதிரிப் போட்டோக்களை அனுப்புகிறார்கள். கெட்ட பிள்ளைகள் எதையும் மொழிபெயர்ப்பதில்லை.

போட்டோவில் இருந்தது ஒரே சொல்: டிஸ்சார்ஜ். கொட்டை எழுத்தில் ஆங்கிலம், வலப்பக்கம் ஓர் அம்புக்குறி. மற்றதையெல்லாம் தம்பி வெட்டி எறிந்திருந்தார். சுவர் இல்லை, தரை இல்லை, போர்டை மாட்டிய ஆணிகூட இல்லை. எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று படத்தைச் சுத்தம் செய்து அனுப்பினாராம். நீங்களும் இப்படி யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். மறுக்க வேண்டாம்.

'எங்கே எடுத்தது?' என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. தம்பி தூங்கிவிட்டார். அர்ஜென்ட் என்று அனுப்புகிறவர்கள் அனுப்பிய கையோடு தூங்கிவிடுவது உலக வழக்கம். முழித்திருப்பது நம் தலையெழுத்து.

சரி, டிஸ்சார்ஜ் என்றால் என்ன? ஆஸ்பத்திரி என்றால் கவலையே இல்லை. டிஸ்சார்ஜ் என்றே தமிழில் எழுதிவிடலாம். 'அப்பாவை எப்ப டிஸ்சார்ஜ் பண்றாங்க?' என்று கேட்காத தமிழர் உண்டா? பத்திரிகைக்காரர்கள் 'வீடு திரும்பினார்' என்று எழுதுவார்கள், அதுவும் அழகுதான். ஆனால் போர்டில் 'வீடு திரும்புதல்' என்று எழுதி அம்புக்குறி போட்டால், பில் கட்டாமலே அந்தப் பக்கம் நடந்துவிடுவார்கள்.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் எழுதும் டிஸ்சார்ஜ் பீளை. காது மருத்துவருக்கு அது சீழ். மகப்பேறு மருத்துவரின் கேள்வித்தாளில் 'டிஸ்சார்ஜ்: ஆம் / இல்லை' என்று இருந்தால், கேட்பது வெள்ளைப்படுதல் உண்டா என்று. அந்தத் தாளையும் ஒருவர் ஓரம் வெட்டிப் போட்டோ எடுத்து அனுப்பினால், நான் 'வீட்டுக்கு அனுப்பியாயிற்றா?' என்று போட்டுக் கொடுப்பேன். அந்தப் பெண்ணும் 'இல்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்' என்று டிக் அடிப்பார். வைத்தியம் அப்புறம் எந்தப் பாதையில் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வாருங்கள். வயலில் மோட்டார் ஷெட். பம்பில் ஆணி அடித்த தகடு ஒன்று இருக்கும். அதில் ஹெட் என்று ஒன்று, டிஸ்சார்ஜ் என்று ஒன்று. ஹெட் தலை இல்லை, தண்ணீரை எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் என்ற கணக்கு. டிஸ்சார்ஜ் என்பது விநாடிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்ற கணக்கு. ஆனால் அதே பம்பில், குழாய் பொருத்தும் வாய்க்குப் பக்கத்தில் டிஸ்சார்ஜ் என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தால் அது கணக்கு இல்லை, தண்ணீர் வெளியே போகிற பக்கம். அந்தப் பக்கத்துக்கு விவசாயி வைத்திருக்கும் பெயர் டெலிவரி. இழுக்கிற பக்கம் சக்‌ஷன், தள்ளுகிற பக்கம் டெலிவரி. எந்த மோட்டார் மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஆகவே இந்த அம்புக்குறி பம்பிலிருந்து வந்ததென்றால் 'டெலிவரி' என்று போடுவதுதான் நியாயம். அந்த போர்டைத் தம்பி கொண்டுபோய் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாட்டினால்? இடுப்பு வலி எடுத்தவர்கள் எல்லாரும் அம்புக்குறி காட்டும் பக்கம் போவார்கள். அங்கே கேஷ் கவுன்டர் இருக்கும்.

அணைக்குப் போனால் டிஸ்சார்ஜ் வேறு சாதி. மேட்டூர் 120 அடியை எட்டப்போகிறது என்றால் செய்தியில் இரண்டு சொல் கூடவே வரும்: நீர்வரத்து, வெளியேற்றம். விநாடிக்கு இத்தனை கன அடி. அந்த வெளியேற்றம்தான் டிஸ்சார்ஜ். துறைமுகத்துக் காகிதத்தில் அது சரக்கை இறக்குவது. பேட்டரியில் சார்ஜ் இறங்குவது. அடமானப் பத்திரத்தில் கடன் தீர்ந்து சொத்தை மீட்பது. கோர்ட்டில் விசாரணை தொடங்குமுன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது. அங்கே 'விடுதலை' என்று எழுதினால் வக்கீல் சண்டைக்கு வருவார், ஏனென்றால் விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்புச் சொல்வதுதான் விடுதலை. துப்பாக்கியில் டிஸ்சார்ஜ் என்றால் வெடிப்பது. ராத்திரி அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பொருள்தான் பிடித்திருந்தது.

போட்டோவிலேயே இடம் பதிந்திருக்குமே என்று ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளை சொல்வார். லொகேஷனை ஆன் செய்து வைத்திருந்தால் செல்போன் கேமரா எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்துக்குள்ளே எழுதி வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் செய்தி அனுப்பும் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கும்போது அதை அழித்துவிடுகின்றன. அழியாமல் வந்தாலும் என்ன பிரயோஜனம்? வேலூர் என்று தெரியும். எந்தச் சுவர் என்று தெரியாது. மொழிபெயர்க்கிறவனுக்கு வேண்டிய 'எங்கே' ஊர் இல்லை. வராந்தாவா, மோட்டார் ரூமா, கண் டாக்டர் மேஜையா, ரெஜிஸ்டர் ஆபீஸா என்பதுதான்.

வெட்டாமல் அனுப்பியிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். நாலு மூலையிலும் போல்ட் போட்ட தகடு என்றால் இயந்திரம். பளபளவென்று சன்போர்டு என்றால் வராந்தா. சுவரில் ஸ்டென்சில் வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் குழாயோ தொட்டியோ பக்கத்தில் இருக்கும். தம்பி கத்தரித்து எறிந்த பகுதியில்தான் அர்த்தம் இருந்தது. சொல்லை மட்டும் பத்திரமாக எனக்கு அனுப்பிவிட்டார்.

இது என் ஒருவனின் முணுமுணுப்பு இல்லை. வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1949இலேயே ஒரு குறிப்பில் இதைச் சொல்லிவிட்டார். ஒரு பக்கத்தின்மேல் அட்டையை வைத்து, ஒரே ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை போட்டுப் பார்த்தால், அந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டையை இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பொருள் தெரிந்துவிடும் என்றார். அவர் பேசியது இயந்திரத்தை வைத்து மொழிபெயர்ப்பது பற்றி. மனிதனுக்கும் அதே ஓட்டைதான். நம் ஆட்கள் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டையைச் சிரத்தையாகச் சின்னதாக்கி அனுப்புகிறார்கள்.

காலையில் தம்பியின் பதில் வந்தது. 'ஆஸ்பத்திரி சார்.' அப்பாடா என்று 'டிஸ்சார்ஜ்' என்றே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் 'எங்கே' என்ற கேள்விக்குப் பின்னால் 'எதற்கு' என்ற கேள்வியும் வராவிட்டால் தூக்கம் வராது. கேட்டேன். போனில் வந்தார்.

"எதுக்குன்னா, பின்னாடி மாட்டணும் சார்."

"எதுக்குப் பின்னாடி?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற இடம் இருக்குல்ல, அங்க பைப்ல."

ஆக, சுத்திகரித்த தண்ணீர் வெளியே போகிற குழாய். ஆஸ்பத்திரிதான், சந்தேகமில்லை. ஆனால் நோயாளியும் இல்லை, பீளையும் இல்லை. இடத்தைக் கேட்டு நிறுத்தியிருந்தால், ஒரு குழாய் வீடு திரும்பியிருக்கும். இடம் பத்துப் பொருளில் ஏழெட்டைத் தள்ளும். மிச்சத்தைத் தள்ளுவது காரியம்தான்.

காரியம் தெரிந்தால் பொருள் மட்டுமல்ல, சொல்லும் மாறும். அந்த போர்டு யாருக்கு என்று தம்பியைக் கேட்டேன். ராத்திரி ஷிஃப்ட்டில் வால்வு திறக்கிற ஆளுக்கு என்றார். அப்படியானால் 'சுத்தமான தண்ணீர் வெளியே போகும் குழாய்' என்று எழுதினால் போதும். கழிவு உள்ளே வரும் குழாயோடு குழம்பக் கூடாது, அதுதான் அந்த போர்டின் ஒரே வேலை. அதே படம் ஆய்வு அறிக்கையில் போகிறதென்றால் 'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் வெளியேற்றம்' என்று நீட்டி முழக்க வேண்டும். தண்ணீர் அங்கே சுத்தம்தானா என்பதையே அளந்து பார்க்கத்தான் அறிக்கை, அதனால் 'சுத்தமான' என்று நாமே சான்றிதழ் கொடுக்கக் கூடாது. கோர்ட்டில் தாக்கல் செய்கிறதென்றால் படத்தில் இருப்பது இருக்கிறபடி: சொல், அம்புக்குறி, அழிந்த எழுத்து இருந்தால் 'தெளிவில்லை' என்ற குறிப்பு. நான் விளங்கிக்கொண்டதை அங்கே சேர்க்கக் கூடாது. ஒரே போட்டோ, ஒரே சொல், ஒரே குழாய். வாசகம் மூன்று.

ஹான்ஸ் ஃபெர்மேர் என்ற ஜெர்மானியர் 1978இல் இதை ஒரு கொள்கையாகவே வைத்தார். மொழிபெயர்ப்பு எந்தக் காரியத்துக்கு என்பதுதான் எப்படி மொழிபெயர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் என்று சொல்லி, அதற்கு 'ஸ்கோபோஸ்' என்று கிரேக்கப் பெயரும் வைத்தார். நம் ஊரில் இதையே 'எதுக்குப்பா?' என்று கேட்டால் சிடுமூஞ்சி என்கிறார்கள். கிரேக்கத்தில் கேட்டால் பேராசிரியர்.

இன்னொன்று. ஆங்கிலத்துக்கு ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இடத்துக்கு இடம் பிரிந்துவிடும். 'ரைஸ்' என்று எழுதிய படம் வயலில் எடுத்ததென்றால் நெல், மளிகைக் கடையில் என்றால் அரிசி, இலையில் என்றால் சோறு. அகராதியில் மூன்றும் வரிசையாகத்தான் நிற்கும். இதில் எதை எடுப்பது என்று அகராதிக்குத் தெரியாது. படம் எடுத்தவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியாது, ஆனால் நான் சொல்லியாக வேண்டும்.

ஆகையால் வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டோவை வெட்டாதீர்கள். சுவரும் ஆணியும் இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே இரண்டே வரி எழுதுங்கள். 'ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கழிவுநீர் சுத்திகரிக்கும் இடம், குழாய்மேல் இருந்தது. வால்வு திறக்கிறவர் படிக்க போர்டு செய்ய வேண்டும்.' கும்பிடும் கைகளை வரிசையாகப் போடுகிற நேரத்துக்குள் இதை எழுதிவிடலாம். கைகளை விட இது எவ்வளவோ மரியாதை. இனி இந்த இரண்டு வரி இல்லாமல் வரும் போட்டோவுக்கு என்னிடமிருந்து மொழிபெயர்ப்பு வராது. எங்கே, எதற்கு என்ற கேள்விதான் வரும்.