பத்து சதவீதம் எதன்மேல்?

கேள்வி: இப்போது வருஷத்துக்கு 6 லட்சம் சம்பளம், புதுக் கம்பெனியில் 6 லட்சத்து 60 ஆயிரம் என்கிறார்கள். பத்து சதவீதம்தானே, பேரம் பேசலாமா?
*– வாசகர், கோவை*

பதில்: பத்து சதவீதமா! அதில் கைக்கு வருவது எத்தனை?

சி.டி.சி. என்று அவர்கள் சொல்லும் மொத்தத் தொகைக்குள், வேலைத்திறனைப் பொறுத்துத் தரப்படும் ஊதியமாக 60 ஆயிரமும், 3 லட்சம் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமாகிய கிராஜுவிட்டி சுமார் 14,400 ரூபாயும் அடங்கியிருந்து, தங்களுடைய பழைய 6 லட்சமோ முழுவதும் நிச்சய ஊதியமாக இருக்கும் பட்சத்தில், மாதந்தோறும் நிச்சயமாய் வருவது உயராததோடு 1,200 ரூபாய் குறைந்தும் போகும். கிராஜுவிட்டியோ சாதாரணமாக ஐந்து வருஷ சேவையைப் பூர்த்தி செய்தவருக்கே கிடைப்பது.

ஆகையால், சம்பள விவரப் பட்டியலை முதலில் எழுத்தில் வாங்கி, திறன் ஊதியத்தில் சென்ற வருஷம் எத்தனை பங்கு பட்டுவாடா ஆயிற்று என்று விசாரித்து, அதன் பின்னர், "மொத்தத்தை உயர்த்த இயலாவிடினும் அந்த 60 ஆயிரத்தை நிச்சய ஊதியத்தில் சேருங்கள்" என்று கேளுங்கள். சி.டி.சி. தொகை ஏறாத கோரிக்கையாதலால், மறுக்க அவர்களுக்குக் காரணம் குறைவு.

திருத்திய நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா செய்யாதீர்கள்.