நாற்பதாயிரம் கோயில் சத்தியம்

எங்கள் பத்தாம் வகுப்புக் கூட்டாளிகளின் வாட்ஸாப் குழுவில் மாதத்துக்கு ஒருவராவது பள்ளி நாட்களைப் பற்றிக் கவிதை போட்டுவிடுகிறார். அதில் வேப்பமரம் உண்டு, மணியோசை உண்டு, தேன்மிட்டாய் உண்டு. கணக்கு வாத்தியாரின் பிரம்புகூட உண்டு. ஆனால் அது இப்போது எங்களைச் செதுக்கிய உளியாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. உளியென்று எழுதியவர் அன்று அதே பிரம்பைத் திருடிக் கிணற்றில் போட்டு, அதற்காகப் புதுப் பிரம்பால் அடி வாங்கியவர். கழிப்பறை எந்தக் கவிதையிலும் வருவதில்லை. பள்ளியிலேயே இல்லாதது கவிதையில் எப்படி வரும்?

இந்தத் தித்திப்பு திகட்டும்போதெல்லாம் நான் எடுத்துப் படிப்பது பாரதியின் 'சுயசரிதை'யை. பள்ளிக்கூடத்தை நினைத்து எழுதிய கவிதைகளில் இவ்வளவு கசப்பான ஒன்றை நான் படித்ததில்லை. அதை எங்களுக்கு முதலில் வாசித்துக் காட்டியவர் தமிழய்யா. திருநெல்வேலிக்கு ஆங்கிலம் படிக்கத் தன்னை அனுப்பியது, சிங்கக்குட்டியைப் புல் மேயப் போகச் சொன்னது போல என்று பாரதி பொங்குகிற இடத்தில் ஐயாவும் பொங்கினார். சிங்கக்குட்டிகளாகிய நாங்கள் கைகட்டி, வாய்பொத்திக் கேட்டுக்கொண்டிருந்தோம். முடித்ததும் பிரம்பால் மேசையைத் தட்டி, "இதுல ஒரு அஞ்சு மார்க் கேள்வி நிச்சயம்டா" என்றார். பள்ளிக்கூடம் பாழ் என்ற பாட்டை ஒப்பிக்கத் தவறியவர்கள் மறுநாள் பெஞ்சு மேல் நின்றார்கள்.

அன்று எனக்குப் பிடித்தது கணக்கு ஒன்றுதான். அப்பாவுக்கு ஆயிரம் செலவு, தனக்குப் பல்லாயிரம் தீமை, நன்மையோ எள்ளளவும் இல்லை, வேண்டுமானால் நாற்பதாயிரம் கோயிலில் வந்து சத்தியம் செய்கிறேன் என்கிறார் பாரதி. இங்கிலீஷில் பார்டரில் தப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல். இப்போது, ஐம்பதைத் தாண்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கும்போது கவிதையைவிட அது எழுதப்பட்ட தேதியில்தான் கண் நிற்கிறது. 1910. ஊர், புதுச்சேரி. வயது இருபத்தேழு, இருபத்தெட்டு. பிரிட்டிஷ் அரசு பிடித்துவிடும் என்று 1908-இல் பிரெஞ்சு எல்லைக்குள் வந்து உட்கார்ந்த பத்திரிகைக்காரர் எழுதுகிறார். 'கனவு' என்ற தலைப்பில் அது அச்சானது. மறு ஆண்டே சென்னை அரசாங்கம் அதைத் தடை செய்தது. வெள்ளைக்கார ஆட்சியோடு மல்லுக்கட்டி நிற்பவருக்கு, அந்த ஆட்சியின் பாடத்திட்டம் இனிப்பாக நினைவுக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. எங்கள் குழுவில் பென்ஷன் ஆர்டர் வந்த மாதம் பிரம்பு உளியாவதும் இதே விதிப்படிதான்.

பாரதி நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தது 1894-இலிருந்து 1897 வரை. அந்த நாளில் அந்தப் பையன் என்ன நினைத்தான் என்பதற்கு அவன் கையாலேயே எழுதிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1897 ஜனவரி 24-ஆம் தேதி, பதினான்கு வயதில், எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவன் ஒரு விண்ணப்பம் போட்டான். அதுவும் கவிதைதான். பொருள் இல்லாமல் படிப்பு முடங்குகிறது, மேலே படிக்க உதவி செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. எந்தப் படிப்பை? பின்னால் படுகுழி என்று பாரதி பெயர் வைத்த அதே படிப்பை. புல்லை இன்னும் இரண்டு கட்டு போடச் சொல்லிச் சிங்கக்குட்டி மனுப் போட்டிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு 'மாட்டிக்கொண்டாரா பாரதி' என்று குதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விண்ணப்பத்தில் எவன்தான் பள்ளியைத் திட்டுவான்? கையில் காசில்லாதபோது படிப்பு வரமாகத் தெரிந்திருக்கும். காவல்காரர்கள் எல்லையில் காத்திருக்கும்போது அதே படிப்பு, தன்னை யாரோ வாலாட்டப் பழக்கிய முயற்சியாகத் தெரிந்திருக்கும். 1897-இன் பையனும் ஏதோ ஒரு தேவையோடுதான் எழுதினான். அவன் மட்டும் கலப்படமில்லாத சாட்சி ஆகிவிட மாட்டான்.

இன்னும் ருசியானது, என்னவெல்லாம் சொல்லித்தரவில்லை என்று அவர் போடும் பட்டியல். கம்பன், காளிதாசன், பாஸ்கரன், பாணினி, சங்கரன் என்று போகும் அதில் சிலப்பதிகாரம் பாடிய சேரன் தம்பியும் வருகிறார். ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் இது. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முழுமையாகப் பதிப்பித்தது 1892-இல். பாரதி நெல்லையில் சேர்ந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. புறநானூறு அச்சேறியதே அவர் சேர்ந்த 1894-இல்தான். அச்சு மை காயாத இளங்கோவை நெல்லை வாத்தியார் கரும்பலகையில் எழுதவில்லை என்ற வருத்தம், வகுப்பில் உட்கார்ந்திருந்த பையனுக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு. அது பின்னால் படித்துப் பிரமித்த மனிதனின் வருத்தம். பள்ளியைவிட்டு வெளியே வந்தபின் கண்டெடுத்ததையெல்லாம் சுமந்துபோய், பழைய வகுப்பறையில் காலியாக இருந்த அலமாரியில் அடுக்கி, 'பார், இதெல்லாம் இங்கே இல்லை' என்கிறார்.

பட்டியலில் அசோகனும் உண்டு. அசோகனின் கல்வெட்டுகளில் இருந்த பிராமி எழுத்தை 1837-இல் வாசித்து முடித்தவர் ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். கவிதைக்கு இந்த வரவு தேவைப்படவில்லை, விட்டுவிட்டது. 1904-இல் சுதேசமித்திரனில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கி அந்தக் கவிஞர் பிழைத்ததையும், ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டதையும் எள்ளளவு நன்மைக் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை.

சேர்க்காததைவிட, யாரை விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அனுப்பியவர் அப்பா. கவிதை அவரைச் சூதறியாத உள்ளம் கொண்டவர், நல்லது நினைத்தே செய்தார் என்று விடுதலை செய்துவிடுகிறது. இத்தனைக்கும் தெருப் பையன்களோடு ஆடவிடாமல் தன்னைப் புத்தகங்களோடு பூட்டிவைத்தவரும் அவர்தான் என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. தோழமையே இல்லாமல் வாடினேன் என்கிறார். எட்டயபுரத்து இளமைத் தோழர் சோமசுந்தர பாரதி அந்த வரியைப் படித்து என்ன நினைத்தாரோ! சின்னச்சாமி ஐயர் பஞ்சாலைத் தொழிலில் நொடித்துப்போய் 1898-இல் இறந்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, செத்துப்போன தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மகனுக்கு மனம் வருமா? அவருக்குப் போக வேண்டிய கோபத்தையும் சேர்த்துப் பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. கட்டடத்துக்கு வலிக்காது.

வாங்கிக்கொண்ட பள்ளிக்கூடம் மறதியில் பாரதிக்குச் சளைத்ததல்ல. நெல்லையில் பாரதி படித்த வகுப்பறையை நினைவிடமாக்கிப் பேணிவருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து கைகூப்பிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவரில் எழுத ஒரு பாரதி பாடலைத் தேர்ந்துகொடு என்று என்னைக் கேட்டால், நாற்பதாயிரம் கோயிலோடு நாற்பதாயிரத்தோராவதாக இதையும் சேர்த்துக்கொண்டு, அந்தச் சத்தியத்தையே எழுதச் சொல்வேன். என்னைக் கேட்க மாட்டார்கள்.