கணக்குப் போடும் கண்ணாடி

கே: ஃபூரியே உருமாற்றத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டு விழிக்கிறோம். லென்ஸ் அதை நொடியில் போட்டுவிடுமாமே! அதற்கு டியூஷன் எடுத்தது யார்?

ப: நொடியா? அரை மீட்டர் குவியத் தொலைவு என்றால், நொடியில் 60 கோடியில் ஒரு பங்கு!

0.1 மி.மீ. இடைவெளியுள்ள கம்பி வலையைச் சீராக விரித்த சிவப்பு லேசரில் பிடித்து, பின்னால் அந்த லென்ஸை வையுங்கள். குவியத் தளத்தில் வலை தெரியாது; சுமார் 3 மி.மீ.க்கு ஒன்றாகப் புள்ளிக்கோலம் விழும். அதுதான் வலையின் ஃபூரியே உருமாற்றம். வலை நெருங்கினால் புள்ளிகள் விலகும். வலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், கோலம் அசையாது. நகர்ந்த சேதி ஒளி அலையின் கட்டத்தில் இருக்கிறது. நம் கண் வெளிச்சத்தை மட்டும்தான் பார்க்கும்.

கே: அந்தப் புள்ளிகளால் என்ன லாபம்?

ப: சிலதை மறைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள கிடைவரிசையை மட்டும் ஒரு பிளவு வழியே விட்டால், அப்பால் திரையில் விழும் பிம்பத்தில் செங்குத்துக் கம்பிகள் மட்டுமே இருக்கும். குறுக்குக் கம்பிகளைக் காணோம். வலையில் யாரும் கத்தரிக்கோல் வைக்கவில்லை! புள்ளிகளின் ஒளி மீண்டும் சேர்ந்துதான் பிம்பமாகிறது; நுண்ணோக்கி பிம்பம் உருவாக்குவதற்கு 1873-ல் ஜெர்மனியின் யேனாவில் எர்ன்ஸ்ட் அபே சொன்ன விளக்கம் இதுதான்.

சாதா பல்பில் செய்துவிட்டு, ‘ஒன்றும் தெரியலையே’ என்று எனக்கு எழுத வேண்டாம். பல திசை, பல நிற ஒளியில் கோலம் குழம்பிவிடும்.