‘அது’ எது?

எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு பெயரில்லாமலே நடக்கும். “அதுக்குள்ள இருக்கிற அதை எடுத்துட்டு வாங்க” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தால், நான் இரண்டாவது தட்டு எவர்சில்வர் டப்பாவிலிருந்து பெருங்காயத்தை எடுத்துப்போய்க் கொடுப்பேன். தப்பாது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட கலை இது ஒன்றுதான்.

பேச்சில் ‘அது’ நொண்டாமல் நடப்பதற்குக் காரணம், கூடவே ஒரு கண்ணும் ஒரு விரலும் போவதுதான். தாளில் எழுதியவுடன் கண்ணும் விரலும் எழுதியவனோடு தங்கிவிடும். ‘அது’ மட்டும் தனியாகப் போய்ப் படிப்பவர் வீட்டு வாசலில் நிற்கும். யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

கும்பகோணத்தில் மைத்துனர் மகள் கல்யாணம். நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் தண்ணீர் பிடித்து மேலே ஏற்றும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு மாமா ஏற்றுக்கொண்டார். தணிக்கைத் துறையில் ஓய்வுபெற்றவர். எழுதியிருப்பதைச் செய்வார், எழுதாததைச் செய்யமாட்டார். அவருக்காக நான் ஒரு குறிப்பு தயாரித்தேன். நம் தமிழ் நடை பற்றி நமக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டல்லவா, அந்த நடையில்:

“மெட்ரோ தண்ணீர் வந்ததும் வால்வைத் திறந்து சம்ப்பில் பிடிக்கவும். அது நிரம்பியதும் அதை மூடிவிட்டு மோட்டாரைப் போடவும். டேங்க் நிரம்பினால் பின்பக்கக் குழாயில் கொட்டும். அப்போது அதை நிறுத்தவும். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் ஃபுட் வால்வில் கோளாறு இருக்கலாம். அதன் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி இறுக்கவும். இதைச் செய்யாமல் ஓட விடாதீர்கள், அது போய்விடும்.”

மனைவி பென்சிலோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ‘அது’வையும் வட்டமிட்டு, “எது?” என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லக்கூடாது; அந்தத் தாளிலேயே முன்னால் இருக்கும் சொல்லை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். இதுதான் விதி.

முதல் ‘அது’ பிழைத்தது. நிரம்பக்கூடியது சம்ப் மட்டும்தான், வால்வு நிரம்பாது. அடுத்த ‘அதை’யில் மாட்டிக்கொண்டேன். நான் நினைத்தது வால்வை. ஆனால் மூடுவதற்குச் சம்ப்புக்கும் ஒரு இரும்பு மூடி இருக்கிறது. அதற்கு முந்தைய ‘அது’ வேறு சம்ப்பைத்தான் சொல்கிறது. மாமா சம்ப்பின் மூடியைப் போட்டுவிட்டு, வால்வைத் திறந்தபடி விட்டுவிட்டு, மனசாட்சி சுத்தமாக வீட்டுக்குப் போயிருப்பார். தெருவே நனைந்திருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘அது’ இரண்டு பொருளைக் காட்டினால் குறைந்தது ஒன்றுக்காவது பெயர் வைத்தே தீர வேண்டும்.

‘அப்போது அதை நிறுத்தவும்’ என்பதில் பக்கத்தில் இருக்கும் பெயர் குழாய். மோட்டார் ஒரு வாக்கியம் தள்ளித் தூங்குகிறது. கொட்டுகிற குழாயைக் கையால் அடைத்துக்கொண்டு நிற்கும் மாமாவைக் கற்பனை செய்து பார்த்தேன். செய்யக்கூடியவர்தான்.

‘அதன் மூடி’ வந்தபோது மனைவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். முந்தைய வாக்கியத்தில் கடைசியாக வந்தது ஃபுட் வால்வு. அது இருப்பது சம்ப்பின் அடியில், தண்ணீருக்குள். தண்ணீர் ஊற்ற வேண்டியது மோட்டாரின் தலையில் இருக்கும் பித்தளை மூடி வழியாக. “எழுபது வயசு மனுஷர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சம்ப்புக்குள்ள இறங்கணுமா?” என்றாள்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார். பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வருமானால் சுட்டை முன்னால் வைக்காதே, பெயரை முதலில் சொல் என்கிறார். செய்யுளில் மட்டும் மாற்றி வரலாம். நானும் பெயரை முன்னால்தான் வைத்திருக்கிறேன் என்று வாதாடினேன். ஒரு பெயர் அல்ல, நாலு பெயரை வரிசையில் நிறுத்திவிட்டுப் பொதுவாகக் கைகாட்டியிருக்கிறேன் என்பது எதிர்த்தரப்பு வாதம்.

‘இதைச் செய்யாமல்’ வேறு ரகம். அது எந்தப் பெயரையும் சுட்டவில்லை. திறப்பது, ஊற்றுவது, இறுக்குவது என்று மூன்று வேலையையும் ஒரே மூட்டையாகச் சுட்டுகிறது. மூன்றில் இரண்டைச் செய்தவரும் இதைச் செய்தவர்தானே. மூடியை இறுக்காமல் விட்டால் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும், தண்ணீர் ஏறாது. இப்படி ஒரு வாக்கியத்தையே விழுங்கிய ‘இது’, ‘இதனால்’, ‘இவ்வாறு’ எல்லாம் வந்தால், விழுங்கியதை வெளியே எடுத்து வினையாகவே எழுத வேண்டும்.

கடைசியாக ‘அது போய்விடும்’. எது? மோட்டார். மோட்டாரில் என்ன? இங்கே விரல் தாளில் மட்டுமல்ல, என் மண்டையிலும் ஓரிடத்தைத் தொட முடியாமல் நின்றது. எனக்கே தெரியாது. பிளம்பருக்குப் போன் போட்டேன். உள்ளே ஒரு சீல் இருக்கிறதாம். தண்ணீர் இருந்தால்தான் அதற்குக் குளிர்ச்சியாம். வெறுமனே ஓடினால் முதலில் கருகுவது அந்த சீல்தானாம். வீட்டு மோட்டாரைப் பற்றி நான் இத்தனை காலம் பேசிவந்த ஞானம் முழுக்க ஒரு ‘அது’வுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

மிச்சம் மீதி ‘அது’ இருக்கிறதா என்று, போனில் இருந்த குறிப்பில் தேடிப் பார்த்தேன். ‘அது’ என்று தட்டினால் ‘அது’ மட்டும் வரும். ‘அதை’, ‘அதன்’, ‘அதற்கு’ நழுவிவிடும். ‘அத’, ‘இத’ என்று இரண்டு எழுத்தோடு நிறுத்தித் தேடினால் எல்லாம் சிக்கும். ‘அதிகாலை’யும் ‘இதய’மும் கூடவே வரும், தள்ளிவிடலாம். ஆனால் ‘ஓட விடாதீர்கள்’ என்பதில் எதை என்ற சொல்லே இல்லை. தமிழில் சொல்லாமல் விட்டாலும் வாக்கியம் நிற்கும் என்பதால், இல்லாத சொல்லை எந்தத் தேடலும் பிடிக்காது. அதற்கு வினைச்சொல்லில் பென்சிலை வைத்து, எதை என்று கேட்பதுதான் வழி.

பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. ‘வால்வு’ என்ற சொல் அலுக்காமலிருக்க ஓரிடத்தில் ‘கேட்’, இன்னோரிடத்தில் ‘சிவப்புத் திருகு’ என்று அலங்காரம் செய்தேன். மாமா மூன்று பொருளைத் தேடுவார் என்று அடி விழுந்தது. சரி என்று அத்தனை இடத்திலும் முழுப்பெயர் போட்டேன், “கிரயப் பத்திரமா எழுதறீங்க?” என்றாள். ஒரே பொருளைத் தவிர வேறெதையும் தொட முடியாத ‘அது’வை அதன் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்று சமரசம் ஆனது. இரண்டாவது குறிப்பு:

“மெட்ரோ தண்ணீர் வந்ததும் சிவப்புப் பிடி வால்வைத் திறக்கவும். சம்ப் நிரம்பியதும் சிவப்புப் பிடி வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போடவும். பின்பக்கக் குழாயில் தண்ணீர் கொட்டினால் டேங்க் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் உடனே சுவிட்சை அணைக்கவும். மோட்டாரின் தலையில் பித்தளை மூடி இருக்கும். அதைக் கழற்றி, வாய் வரை தண்ணீர் ஊற்றி, திரும்ப இறுக்கிய பிறகே சுவிட்சைப் போடவும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் சீல் கருகிவிடும்.”

ஃபுட் வால்வு காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் வைக்கும்போதுதான் அதற்கு அங்கே வேலையே இல்லை என்று தெரிந்தது.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எல்லாம் தெளிவா இருக்கு சார். சுவிட்ச் உங்க ஹாலுக்குள்ள இல்ல இருக்கு? சாவியை யார்கிட்ட வாங்கிக்கணும்?”