ஸ்டோர் கீப்பருக்கு அடுத்த நாற்காலி

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டு வேலைகள் சூடுபிடிக்கும். ஒன்று டிஸ்பாட்ச். வருஷக் கணக்கு முடிவதற்குள் பில் போட்டாக வேண்டுமென்று லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். இன்னொன்று அப்ரைசல். முன்னதற்கு நம்ம சார் பத்து நாள் ஒதுக்குவார். பின்னதற்கு ஒரே ஒரு மத்தியானம்.

சார் என்றால் புரொடக்‌ஷன் மேனேஜர். பெயர் வேண்டாம், அவர் ஒருவரல்ல. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி, கம்பி உருட்டும் ரோலிங் மில், திருவள்ளூர்ப் பக்கம் காக்களூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு ஷெட், எங்கே போனாலும் இருப்பார். சென்னையிலிருந்து காரில் வருவார். காரனோடை தாண்டுவதற்குள் போனிலேயே பாதி ஷிஃப்டை நடத்தி முடித்திருப்பார்.

நான் சொல்கிற சார் ஃபவுண்டரிக்காரர். தொழிலில் கெட்டி. உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே இத்தனை டிகிரி என்று சொல்லக்கூடியவர். ஆனால், தன் கண்ணையே நம்ப மாட்டார். ஒவ்வொரு தடவை உலையிலிருந்து இரும்பை எடுக்கும்போதும், "டிப் போட்டியா?" என்பார். தெர்மோகப்பிளை உருகிய இரும்பில் முக்கி, டிஜிட்டல் டிஸ்பிளேயில் எண் வந்த பிறகுதான் ஊற்ற அனுமதி. "நேத்து ஹீட் சூடா இருந்துச்சு, அதைவிட இது கொஞ்சம் கம்மி சார்" என்று எவனாவது சொல்லிவிட்டால் போச்சு. "நேத்திக்கும் இன்னிக்கும் கல்யாணமா பண்ணி வைக்கப் போறோம்? ஸ்டாண்டர்ட் என்ன, இப்ப எவ்ளோ, அதச் சொல்லு!"

இதே மனிதர்தான் மார்ச் 28-ஆம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்குப் பன்னிரண்டு பேருடைய அப்ரைசல் ஃபாரங்களை அடுக்கிவைத்துக்கொண்டு, டிப் போடாமலேயே ஊற்ற ஆரம்பிப்பார்.

ஃபாரத்தில் ஐந்து மார்க்குக்கு ஏழெட்டுத் தலைப்புகள். உற்பத்தி இலக்கு, ரிஜெக்‌ஷன், வருகை என்று நாலு தலைப்புக்காவது எண் உண்டு. மீதியெல்லாம் 'பொறுப்புணர்வு', 'முன்முயற்சி', 'குழு மனப்பான்மை' போன்ற சாமி சமாச்சாரங்கள். ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவர் உள்ளே போக வேண்டும். வரிசை, எம்ப்ளாயி கோடு நம்பர்படி. அது வருஷா வருஷம் மாறாது. எல்லா வினையும் அந்த வரிசையிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் உள்ளே போகிறவர் ஃபர்னஸ் இன்சார்ஜ். நிஜமாகவே ஆள் தங்கம். அவர் வந்த பிறகு கரண்ட் யூனிட் குறைந்தது, உலையின் லைனிங் கூடுதல் நாள் தாங்கியது. தீபாவளி லீவு முடிந்து ஒடிசாப் பையன்கள் திரும்பி வராத வாரத்தில் தானே லேடிலைப் பிடித்து நின்றவர். சார் அவரிடம் முக்கால் மணி நேரம் பேசுவார், டீ வரும், பிஸ்கட்கூட வரும். ஐந்து.

அடுத்து ஃபெட்லிங் சூப்பர்வைசர். வார்த்தெடுத்த காஸ்டிங்கில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டி, பிசிறைக் கிரைண்டிங் பண்ணி அனுப்புகிற பகுதி அவருடையது. இலக்கில் 96 சதவீதம், ஒரே ஒரு கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட், லீவு ஒன்பது நாள். நல்ல மனிதர், நல்ல வேலை, சொல்ல ஒரு கதை கிடையாது. சாரின் மேஜையில் முந்தியவர் குடித்த டீ கிளாஸ்கூட இன்னும் எடுக்கப்படவில்லை.

"ம்ம்... பண்றீங்க. ஆனா ஒரு ஸ்பார்க் இல்லையேப்பா."

"சார், கிரைண்டிங் ஷாப்புல ஸ்பார்க்குக்கு என்ன சார் குறைச்சல்?"

சார் சிரித்தார். ஆனால், மூன்று.

நாலைந்து பேர் தள்ளி ஸ்டோர் கீப்பர். இவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். ஃபெரோ சிலிக்கான் மூட்டைக் கணக்கில் சிஸ்டம் ஒன்று சொல்லும், குடோன் வேறொன்று சொல்லும், இவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். பேரிங் கேட்டால் பெல்ட் கொடுப்பார். சார் அவரிடம் இருபது நிமிடம் கத்துவார். ஒன்று. அதுவும் அரை மார்க் போட ஃபாரத்தில் கட்டமில்லாததால்.

ஸ்டோர் கீப்பருக்கு அடுத்த கோடு நம்பர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். இலக்கு 96 சதவீதம். பெரிய பிரேக்டவுன் ஒன்று. லீவு ஒன்பது நாள். அதாவது நம்ம ஃபெட்லிங்காரரின் அண்ணன் தம்பி மாதிரியான ரெக்கார்டு. இவர் உள்ளே வந்து, சார் கேட்ட முதல் கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னதும் சாரின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

"அப்பாடா, நீயாவது கணக்கு வச்சிருக்கியே! உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா போதும்யா."

நாலு.

உலை மேடையில் நாலு மணி நேரம் நின்றவன் சித்திரை வெயிலில் யார்டுக்கு இறங்கி வந்து, "சும்மா ஏசி மாதிரி இருக்குடா" என்பான். அதே நிமிஷம் அக்கவுன்ட்ஸ் ரூமிலிருந்து வெளியே வந்தவர், "அனல் அடிக்குதே" என்று கைக்குட்டையை எடுப்பார். யார்டு ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். ஃபெட்லிங்காரரும் மெயின்டனன்ஸ்காரரும் அந்த யார்டு.

இதைப் பணத்தில் போட்டுப் பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். இருவருக்கும் சம்பளம் 28,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மார்க்குக்கு 6 சதவீத உயர்வு, 1,680 ரூபாய். நாலு மார்க்குக்கு 10 சதவீதம், 2,800. மாதம் 1,120 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 13,440. அடுத்த வருஷ உயர்வு இதன் மேலேதான் ஏறும். கோடு நம்பர் மாறாததால் அடுத்த வருஷமும் ஃபெட்லிங்காரர் தங்கத்துக்குப் பின்னால்தான் நிற்பார்.

சார் யாருக்கும் கெடுதல் நினைப்பவரில்லை. லஞ்சம் கிடையாது, ஜாதி பார்க்க மாட்டார், மெயின்டனன்ஸ்காரர் சொந்தக்காரரும் அல்ல. இந்த வியாதி நேர்மையானவருக்கும் வரும். 1972-இல் அமெரிக்காவில் வெக்ஸ்லி, யூக்ல் முதலிய உளவியலாளர்கள், வேலைக்கு வந்தவர்களின் நேர்காணல்களைக் காட்டி மார்க் போடச் சொல்லிப் பார்த்தார்கள். முன்னால் வந்தவர்களைப் பொறுத்து மார்க் அதிகமாக ஆடியது நடுத்தர ஆளுக்குத்தான். யோசித்தால் நியாயம்தான். நம்ம ஃபர்னஸ்காரர் எங்கே நின்றாலும் ஐந்து வாங்குவார். ஸ்டோர் கீப்பர் எங்கே நின்றாலும் தேறமாட்டார். நடுவில் இருக்கிறவனுடைய தலையெழுத்தைத்தான் முன்னால் போனவன் எழுதிவிட்டுப் போகிறான். எந்தக் கம்பெனியிலும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது எப்போதும் இவ்வளவு பலமாக வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. அதே காலத்தில் நடந்த வேறு ஆய்வுகளில் இந்த ஆட்டம் மிகச் சிறிதாகத்தான் தெரிந்தது. நான் பார்த்த வரையில், நம்ம ஃபாரத்தில் எண் இருக்கும் தலைப்புகளில் சாரின் கை அவ்வளவாக நடுங்குவதில்லை. 'பொறுப்புணர்வு' வரும்போதுதான் பேனா முந்திய ஆளைத் திரும்பிப் பார்க்கிறது.

இதையெல்லாம் ஆராய்ச்சி படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஷாப் ஃப்ளோருக்கு இல்லை. மூன்று ஏப்ரல் பார்த்ததுமே பையன்கள் பிடித்துவிட்டார்கள். விளைவு, மார்ச் மாதத்தில் ஸ்டோர் கீப்பரின் மவுசு கூடியது. கவரைப்பேட்டையில் ரயில் ஏறும்போதே அவருக்கு சீட் பிடித்துவைத்திருப்பார்கள். கேன்டீனில் வடை அவர் தட்டுக்குத் தானாகவே வரும். "அண்ணே, நீங்க உள்ள போயிட்டு வந்ததும் நான் போறேன், சரியாண்ணே?" என்று மோல்டிங் சூப்பர்வைசர் ஹெச்.ஆர். பொண்ணைத் தாண்டி நேரடியாக இவரிடமே டீல் பேசினார். ஸ்டோர் கீப்பருக்குக் காரணம் கடைசிவரை புரியவில்லை. தன் குணத்துக்காகத்தான் இந்த மரியாதை என்று நினைத்தார். ஒருவகையில் அது சரிதான்.

ஹெச்.ஆர். பொண்ணு கெட்டிக்காரி. மார்க் ஷீட்டைப் பெயர் வரிசையில் பார்க்காமல், உள்ளே போன வரிசையில் அடுக்கிப் பார்த்தாள். ஐந்துக்குப் பின்னால் ஒரு பள்ளம், ஒன்றுக்குப் பின்னால் ஒரு மேடு. பழைய மூன்று வருஷத்து ஷீட்டையும் எடுத்தாள். அதே இடத்தில் பள்ளம், அதே இடத்தில் மேடு. பன்னிரண்டு பேரை வைத்து ஒரு வருஷக் கணக்கில் சத்தியம் செய்ய முடியாது. வரிசை மாறாமல் பள்ளமும் மாறாமல் இருந்தால் சந்தேகப்படலாம்.

சாரிடம் பக்குவமாகச் சொன்னாள்.

"அதெல்லாம் மத்தவங்களுக்கும்மா. போன வருஷமே அம்பத்தூர்ல ஒரு ட்ரெயினிங் போட்டாங்க, பிபிடில காட்டினாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சவன்கிட்ட அது பலிக்காது."

பலிக்கும். அதே வெக்ஸ்லி குழு 1973-இல் இதையும் சோதித்தது. 'இப்படி ஒரு பிழை உண்டு, ஜாக்கிரதை' என்று எச்சரித்துப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை. 1975-இல் லேத்தம், வெக்ஸ்லி, பர்செல் மூவரும் 60 மேனேஜர்களை வைத்து ஒரு பயிற்சி நடத்தினார்கள். வீடியோவில் ஆட்களைக் காட்டி மார்க் போடச் சொல்லி, எங்கே, ஏன் தவறினார்கள் என்று பேசிப் பேசிப் பழக்கினார்கள். அந்தப் பட்டறையில் உட்கார்ந்தவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் இந்தப் பிழை தெரியவில்லை. பயிற்சி இல்லாதவர்களிடம் அப்படியே இருந்தது. ஆக, தெரிந்திருந்தால் போதாது. கையைச் சுட்டுக்கொண்டு பழக வேண்டும்.

சார் பழக மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஃபாரத்தில் கைவைத்தாள். 'பொறுப்புணர்வு – 3' என்றால் என்ன என்பதை ஷாப்பில் நடக்கிற விஷயமாக எழுதினாள்: 'ஷிஃப்ட் முடியும்போது அடுத்த சூப்பர்வைசரிடம் நேரில் நிலவரம் சொல்லிவிட்டுப் போகிறார்.' நாலு என்றால்: 'சொல்வதோடு, பாதியில் நிற்கும் வேலையைத் தானே முடித்துவிட்டுப் போகிறார்.' அந்த மாதிரி ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு வரி. யாரும் உள்ளே வருவதற்கு முன்னாலேயே, முந்தின வாரம், லாக் புக்கை வைத்துக்கொண்டு ஒருவருக்கு ஒரு நாளாக பென்சிலில் மார்க் போட்டுவிட வேண்டும். பேசிய பிறகு மாற்றலாம், ஆனால், மாற்றினால் காரணம் எழுத வேண்டும்.

"காரணம் எல்லாம் எதுக்கும்மா, டிஸ்பாட்ச் டைம்ல..."

"டிப் போடாம ஊத்தலாமா சார்?"

சார் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். ஃபாரத்தை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். அந்த டிராயரிலிருந்து அது வெளியே வந்ததை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் ஜனவரியில் ஓர் இடி விழுந்தது. ஸ்டோர் கீப்பர் பேப்பர் போட்டுவிட்டார். தடா தாண்டி ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனி, நல்ல சம்பளமாம். பிரிவு உபசாரத்தில் ஷாப்பே கலங்கி நின்றது. மெயின்டனன்ஸ்காரர் மாலை போடும்போது நிஜமாகவே கண்ணீர் விட்டார்.

பிப்ரவரியில் புது ஸ்டோர் கீப்பருக்கு இன்டர்வியூ. முதலில் வந்த பையன் படு சுறுசுறுப்பு, பார்கோடு எல்லாம் தெரிந்தவன், பழைய கம்பெனியில் ஆடிட்டில் பேர் வாங்கியவன். விஷயம் கேள்விப்பட்டதும் மெயின்டனன்ஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஹெச்.ஆர். ரூமுக்கே ஓடி வந்தார்.

"மேடம், ஆளு எடுத்துட்டீங்களா? அவசரப்படாதீங்க. பொன்னேரில என் மச்சான் ஒருத்தன் சும்மாதான் இருக்கான். ரெஸ்யூம் கொண்டாந்திருக்கேன்."

"எப்படி, வேலைக்கு நல்ல ஆளா?"

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."