முட்டை போடாத நாளும் கோழி தின்னுமுங்க, மாப்ளே

வாங்க மாப்ளே, திண்ணையில உக்காருங்க. உங்க திட்ட அறிக்கையை உங்க மாமன் எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கறான், "பெரியப்பா ஒரு பார்வை பாத்துருங்க"ன்னு. பாத்துட்டேனுங்க. வழவழன்னு காகிதம், ஓரத்துல சுருள்கம்பி, அட்டையில வெள்ளைக் கோழி ஒண்ணு சிரிச்சுக்கிட்டு நிக்குது. அது சிரிக்காம என்ன பண்ணும், கடன் அதும் பேர்லயா இருக்குது?

இருபதாயிரம் கோழி, நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவுல நிலம், கூண்டு ஷெட்டு. எல்லாஞ் சரி. ஏழாம் பக்கத்துல ஒரு கட்டம் கட்டி, தடிச்ச எழுத்துல, "முட்டைக்கு 1 ரூபா 20 பைசா காண்ட்ரிபியூஷன்"னு போட்டிருக்கறீங்க. அங்கதான் நான் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுக்காப் படிச்சேன்.

கணக்கை நானே சொல்லிப் பாக்கறேன், தப்புன்னா திருத்துங்க. முட்டை கைக்கு வர்ற விலை 5 ரூபா. என்இசிசி அறிவிக்கிற விலையில வியாபாரி மைனஸ் புடிக்கறதைக் கழிச்சுத்தான் போட்டிருக்கறீங்க, அதுக்கு ஒரு சபாஷ். பாதிப் பேரு அதையே மறந்துர்றான். கோழி நாளைக்கு 110 கிராம் தீனி திங்கும், கிலோ 30 ரூபான்னா 3 ரூபா 30 பைசா. நூத்துக்குத் தொண்ணூறு கோழி முட்டையிட்டா, முட்டைக்குத் தீனிச் செலவு 3 ரூபா 67 பைசா. மருந்து, அட்டை எல்லாஞ் சேத்து 13 பைசா. ஆக 3 ரூபா 80 பைசா மாறுஞ்செலவு, மிச்சம் 1 ரூபா 20. சம்பளம், வட்டி, கரண்ட்டு இதெல்லாம் நிலைச்செலவு. அதை இந்த 1 ரூபா 20 சுமக்கும். பெருக்கல், வகுத்தல் அத்தனையும் சுத்தம். கணக்கு வாத்தியார் பாத்தா முதுகுல தட்டிக் குடுப்பாரு.

ஒரே ஒரு கேள்விதானுங்க. முட்டை போடாத கோழிக்கு நீங்க தீனி போட மாட்டீங்களா?

சிரிக்காதீங்க, உங்க தாள் அப்படித்தான் சொல்லுது. தீனியை முட்டையோட கட்டிப் போட்டிருக்கறீங்க. முட்டை ஒண்ணு கொறஞ்சா 3 ரூபா 67 பைசா தீனி மிச்சமாகும்னு அதுக்கு அர்த்தம். காலையில தொட்டியில தீனி கொட்டறப்ப, "ஏம்மா, நேத்து நீ போட்டியா?"ன்னு இருபதாயிரம் கோழிகிட்டயும் கேட்டுக் கொட்டற ஆளு இந்தச் சில்லாவுலயே இல்லீங்க. தீனி மாறுஞ்செலவுதான், நான் மாட்டேங்கல. ஆனா அது மாறறது கோழித் தலையைப் பாத்து. முட்டையைப் பாத்து இல்லீங்க.

"பெரியப்பா, இதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்கும், கடைசியில ரெண்டும் ஒண்ணுதானே"ம்பீங்க. தொண்ணூறு பர்சன்ட்டு போட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணுதானுங்க. எங்கூருச் சித்திரையில அது நடக்குமா? வெயில் ஏறுனா கோழி வாயைத் தொறந்துக்கிட்டு மூச்சு வாங்கும், ஓடு மெலியும், உற்பத்தி எறங்கும். எம்பதுன்னு வெச்சுக்குவோம். பதினெட்டாயிரம் முட்டை பதினாறாயிரமாச்சு. உங்க தாளைக் கேட்டா, ரெண்டாயிரம் முட்டைக்கு 1 ரூபா 20, ஆக நாளைக்கு 2,400 ரூபா நட்டம், தாங்கிக்கலாங்கும். கல்லாவைக் கேட்டா? வரவு பத்தாயிரம் கொறஞ்சு போச்சு. தீனி மூட்டை அதே 66,000 ரூபாய்க்கு வந்து எறங்குது. அட்டையில நூறோ எரநூறோ மிச்சம். வெயில்ல கோழி கொஞ்சங் கொறைச்சுத் திங்கும், வாஸ்தவம். ஆனா முட்டை கொறையற அளவுக்குத் தீனி கொறையாது. நட்டம் ஒம்பதாயிரத்துக்கு மேல நிக்கும். உங்க தாள் சொன்னதுக்கு நாலு மடங்கு, மாப்ளே. பேங்க்காரரு தாளைப் பாத்துத்தான் கடன் குடுப்பாரு. தவணையை வாங்க வர்றப்ப கல்லாவைத்தான் பாப்பாரு.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலை வெச்சிருக்கற ஆளுக்கு இந்தத் தொந்தரவு இல்லீங்க. மரவள்ளிக் கெழங்கு வாங்குனாத்தான் செலவு, அரைச்சாத்தான் ஜவ்வரிசி. இன்னிக்கு வெலை சரியில்லையா, கெழங்கு லாரியை வர வேண்டாம்னு சொல்லிட்டு வீட்டுல படுத்துக்கலாம். அங்க மூட்டைக்கு இவ்வளவு மாறுஞ்செலவுன்னு எழுதறது ஞாயம். நீங்க பாக்கப் போறது உசுரு வெச்சுப் பண்ற தொழிலு. புரட்டாசியில ஊரே கவுச்சியை விட்டுட்டு வெலை விழுந்துச்சுன்னா, "ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருங்க"ன்னு கோழிகிட்டச் சொல்ல முடியுமா?

அதனால கட்டத்தை அழிச்சுட்டு இப்படி எழுதுங்க: ஒரு கோழி, ஒரு நாளு. தொண்ணூறு பர்சன்ட்டுன்னா ஒரு கோழி நாளைக்குக் குடுக்கறது 4 ரூபா 50 பைசா வரவு. தீனி, மருந்து 3 ரூபா 40 வாக்குல. மிச்சம் 1 ரூபா 10. உங்க 1 ரூபா 20-க்கும் இதுக்கும் பெரிய தூரமில்லைன்னு பாக்காதீங்க. இந்த எண்ணு பேசும், அது பேசாது. வெலை 5 ரூபாயா இருக்கறப்ப, நூத்துல 68 கோழி முட்டையிட்டாத்தான் தின்னதுக்குச் சரியாகும். அதுக்குக் கீழ போன பேட்ச்சு ஒவ்வொரு நாளும் உங்க சட்டைப்பையிலிருந்து திங்குது. வெலை 4 ரூபாய்க்கு விழுந்தா அந்தக் கோடு 85-க்கு ஏறிரும். வயசான பேட்ச்சை லாரியில ஏத்தறதா, இன்னும் நாலு வாரம் வெச்சுக்கறதான்னு ராத்திரி பொரண்டு படுக்கறப்ப வேணுங்கறது இந்தக் கோடுதான். கறிக்கோழி வியாபாரி என்ன வெலை சொல்றாங்கறதையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கங்க.

அடுத்த கூத்துக்கு வாரேன். ஒரு நாள் குஞ்சு வாங்கி, இருபது வாரம் வளத்து, தடுப்பூசி போட்டு, முட்டைக்கு வர்ற வரைக்கும் ஒரு கோழிக்கு 330 ரூபா ஆகும்னு நீங்களே போட்டிருக்கறீங்க. நல்ல எண்ணுதான். ஆனா அதைக் கொண்டுபோய் எங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க? மூணாம் பக்கத்துல, ஷெட்டு, கூண்டு, போர்வெல்லோட "ஆரம்ப முதலீடு"ங்கற தலைப்புல. ஷெட்டு இருபது வருசம் நிக்கும். கோழியும் நிக்குமா? எழுபத்திரண்டு வாரமோ, இழுத்துப் புடிச்சா எம்பது வாரமோ; அப்பறம் 90 ரூபாய்க்கு வித்துட்டு மறுபடியும் குஞ்சுக்குப் பணம் கட்டோணும். மீதி 240 ரூபா அது முட்டையிட்ட ஒரு வருசத்துல கரைஞ்ச காசு. நாளைக்கு 66 பைசா. 1 ரூபா 10-ல அதைக் கழிங்க, மிச்சம் 44 பைசா. இருபதாயிரம் கோழிக்கு நாளைக்கு 8,800 ரூபா. சம்பளம், வட்டி, கரண்ட்டு, ஷெட்டுத் தேய்மானம் எல்லாம் இதுக்குள்ள அடங்கோணும். உங்க தாளு இதே எடத்துல 21,600 காட்டுது. முகம் ஏன் வாடுது? மோர் குடிங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்குது, அதையும் கேட்டுக்கங்க. இந்த 240 ரூபா எப்ப மாறுஞ்செலவு, எப்ப இல்லைங்கறது நீங்க கேக்கற கேள்வியைப் பொறுத்தது. கூண்டுல நிக்கற கோழியை இன்னொரு மாசம் வெச்சுக்கலாமான்னு கேட்டா, அதைத் தொடாதீங்க. செலவாகிப் போன காசு, வித்தாலும் வராது. அடுத்த பேட்ச்சு குஞ்சு எறக்கலாமான்னு கேட்டா, அதைச் சேக்காம வாயைத் தொறக்காதீங்க. எறக்கலைன்னா அந்தக் காசு உங்க பையிலதான் இருக்கும். ரெண்டு கேள்விக்கும் ஒரே கட்டத்தைக் காட்டறதாலதான் எத்தனையோ ஷெட்டுல இன்னிக்கு வைக்கோல் அடுக்கி வெச்சிருக்கறாங்க.

சம்பளத்தை நிலைச்செலவுன்னு போட்டது சரிதான், ஒரு எல்லை வரைக்கும். இருபதாயிரத்துக்கு இத்தனை குடும்பம், குடியிருக்க வீடு, மாசச் சம்பளம். முட்டை கொறைஞ்சா ஆளைக் கொறைக்க மாட்டீங்க. ஆனா அஞ்சாம் வருசம் நாப்பதாயிரம் கோழின்னு எழுதிட்டு அதே சம்பளத்தை வெச்சிருக்கறீங்களே, புதுக் கோழியெல்லாம் தங்கள் முட்டையைத் தாங்களே பொறுக்கி அட்டையில அடுக்கிக்குமா? கரண்ட்டு பில்லுல ஒரு பங்கு ஓட்டுனாலும் ஓட்டாட்டியும் கட்டற காசு, மீதி யூனிட்டுக் கணக்கு. அதைப் பில்லைப் பாத்தே ரெண்டாப் பிரிக்கலாம்.

அப்பறம் மக்காச்சோளத்தையும் சோயாவையும் "ஏறி எறங்கும், அதனால மாறுஞ்செலவு"ன்னு அடிக்குறிப்பு எழுதியிருக்கறீங்க. வெலை ஏறி எறங்கறது வேற சமாச்சாரம். வட்டி கூடத்தான் ஏறி எறங்குது, அதை எதுக்கு நிலைச்செலவுல வெச்சீங்க? உற்பத்தி கூடறப்ப கொறையறப்ப கூடவே நகருதாங்கறதுதான் கேள்வி.

இதை எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு கேக்கறீங்களா? உங்க மாமன் பண்ணையிலேயே நோட்டு இருக்குது. உற்பத்தி உச்சத்துல இருந்த மாசம் ஒண்ணு, விழுந்து கெடந்த மாசம் ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஆனா ரூபாயைப் பாக்காதீங்க, அதுல வெலை ஏத்தம் கலந்திருக்கும். தீனி எத்தனை கிலோ, அட்டை எத்தனை, யூனிட்டு எத்தனை, ஆளு எத்தனை, இதைப் பாருங்க. ரெண்டு மாசத்துலயும் கூண்டுல இருந்த கோழித் தலை எத்தனைன்னும் எண்ணிக்கங்க; நடுவுல செத்தது, வித்தது இருந்துச்சுன்னா ஒப்பிட்டதே தப்பாப் போயிரும். முட்டையோட நகந்தது அட்டையும் ஏத்துக்கூலியும் மட்டுந்தான்னு கண்ணுக்குத் தெரியும். அதை நான் சொன்னா நம்பமாட்டீங்க, நோட்டு சொன்னா நம்புவீங்க.

கடைசியா பதினோராம் பக்கம். மாசவாரி வரவு செலவுன்னு போட்டு, முதல் மாசத்துலயே அஞ்சரை லட்சம் முட்டை வித்திருக்கறீங்க. குஞ்சு வந்து எறங்கி இருபது வாரம், நாலரை மாசம், ஒரு முட்டை கெடையாது; தீனி உண்டு, சம்பளம் உண்டு, வட்டி உண்டு. ஷெட்டுக்குள்ள குஞ்சு கீச்சுக் கீச்சுங்குது, உங்க தாள்ல லாரி பாலக்காடு தாண்டிப் போயிருச்சு. பேங்க்குல தவணை எந்த மாசத்துல ஆரம்பிக்குதுன்னு கேட்டுட்டு வாங்க. கேட்டுட்டு வந்தப்பறம் அந்தப் பக்கத்தை நாம ரெண்டு பேரும் பென்சில்ல எழுதலாம். கலர் அச்சு இப்போதைக்கு வேண்டாம்.