அக்காவுக்கு ஐம்பது காரணங்கள்

வயதுக்கு ஒன்றாகக் காரணம் எழுதி வாழ்த்து அனுப்புவது என்பது ஐந்து வயதுக் குழந்தைக்குக் கண்டுபிடித்த வழக்கமாக இருக்க வேண்டும். 2025 ஆவணியில் ஐம்பது முடிந்த என் அக்காவுக்கு அதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது, கையில் காசு இல்லாத மாதக் கடைசி என்பதால். “உன்னை ஏன் பிடிக்கும் என்பதற்கு 50 காரணங்கள்” என்று தலைப்புப் போட்டபோது பட்டுப் புடவைச் செலவு மிச்சம் என்ற நிம்மதிதான் இருந்தது.

முதலில் எண்ணிக்கையிலேயே தகராறு. அக்காவுக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், ஆவணியில் பிறந்தவளைத் தலைமையாசிரியர் ஜூனிலேயே பிறக்க வைத்துவிட்டார். வங்கியும் காப்பீட்டுக்காரரும் இன்றுவரை ஜூனில்தான் வாழ்த்துகிறார்கள். ஜூனில் நிஜ வயது 49தானே, அப்போதே அனுப்பியிருந்தால் ஒரு காரணம் மிச்சமாகியிருக்கும். பஞ்சாங்கத்தையும் புரட்டினேன். அவள் பிறந்த தமிழ் வருடத்தின் பெயர் ராட்சச. முதல் காரணமாக இதையே வைக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். “அண்ணி அடுத்த தடவை வரும்போது நான் எங்கம்மா வீட்டுல இருப்பேன்” என்றாள். அந்தக் காரணத்தை அடித்துவிட்டேன்.

அன்பு, பொறுமை, கைமணம், சிரிப்பு என்று முதல் ஒன்பது தடதடவென்று வந்தன. பத்தாவதில் வண்டி நின்றது. பாராட்டுச் சொற்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டுறவாக இருக்கின்றன. ‘பாசம்’ என்று எழுதினால், மூன்றாவதில் இருக்கும் ‘அன்பு’ முறைக்கிறது. கைமணத்தை வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு என்று பிரித்து மூன்றாக்கினேன். மனைவி எட்டிப் பார்த்து, “இது வாழ்த்தா, மெஸ் போர்டா?” என்று கேட்டாள். ரசத்தைச் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

பிறகுதான் ஒன்று பிடிபட்டது. குணத்தைச் சொன்னால் சீக்கிரம் தீர்ந்துபோகும்; சம்பவத்தைச் சொன்னால் தீராது. ஆனால் எனக்கு நினைவுக்கு வந்த சம்பவங்களில் பாதி, அக்கா மேல் எனக்கிருந்த புகார்கள். சரி, புகாரையே உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டால் நன்றி ஆகிவிடாதா?

பதினெட்டாவது காரணம் அப்படிப் பிறந்ததுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ‘ஒலியும் ஒளியும்’ தொடங்கியதும் எங்கள் வீட்டுப் பெட்டியில் புள்ளி பறக்கும். மொட்டை மாடிக்குப் போய் ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்புவது என் வேலை. ஜன்னலில் நின்று நிலவரம் சொல்வது அக்கா வேலை. “இன்னும் கொஞ்சம்… ஐயோ போச்சு… பழையபடி வை… அப்படியே பிடிச்சுக்கோ, விட்டுடாதே!” குழாயைப் பிடித்தபடி நான் கொசுக்கடியில் நிற்பேன். கீழே பாட்டு தெளிவாகக் கேட்கும். கேட்குமே தவிர, பார்த்தது கிடையாது. படம் வந்த பிறகும் குழாயை விடலாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வாழ்த்தில் இதை, “திரை இசையைக் கண்ணை நம்பாமல் காதால் மட்டும் ரசிக்கக் கற்றுக்கொடுத்தாய்” என்று எழுதினேன். எழுதிய பிறகு எனக்கே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்தது. இன்றைக்கும் எந்தப் பாட்டையும் முதல் இரண்டு தட்டில் சொல்லிவிடுவேன்.

அதன்பின் பிரச்சினையே இல்லை. முன்சீட்டைப் பிடுங்கிக்கொண்டது, பெரிய வடையை எடுத்துக்கொண்டது, அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது எல்லாம் வரிசையாக நன்றிகளாகி நின்றன. நாற்பதைத் தாண்டியபோது புகார்களுக்கும் பஞ்சம். கடைசி ஐந்து, அத்தானைப் பற்றியவை. அவரும் பாவம், வீட்டு மனிதர்தானே.

காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. குரல் தழுதழுக்கும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தேன்.

“டேய், யாருடா உன்னை நம்பர் போடச் சொன்னது? அந்தக் குரூப்புல சம்பந்தி அம்மா இருக்காங்க. அவங்ககிட்ட நான் நாப்பத்தாறுன்னு சொல்லி வச்சிருக்கேன்!”

“படிச்சியாக்கா?”

“படிக்கிறது இருக்கட்டும். முதல்ல நாலைக் குறை.”

அனுப்பிய செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம்; அதில் ஐந்து ஏற்கெனவே போயிருந்தது. எந்த நாலை எடுப்பது? ஆண்டெனாவைத் தொட மனம் வரவில்லை. மோர்க்குழம்பை எடுத்தால் அடுத்த முறை கிடைக்காது. கடைசியில் அத்தான்தான் போனார், ஐந்தில் நான்காக. தலைப்பிலும் 46 என்று மாற்றினேன். சம்பந்தி அம்மா ஏழு மணிக்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டார்.

எடுத்த நாலையும் தூக்கிப் போடவில்லை, குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆவணிக்கு ஒன்று போதும், நாலு வருடத்துக்குக் கவலையில்லை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அண்ணிக்கு அடுத்த வருஷமும் நாப்பத்தாறுதாங்க” என்றாள்.